ஒன்பதாம் நாளும் ஒரு வெள்ளைத் துணியும்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை, எங்கள் எதிர்வீட்டுப் பெண், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒன்பது வயதுச் சிறுமி, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் வீட்டுக்குள் போகாமல், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய டைரியில் வகுப்பாசிரியை சிவப்பு மையினால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "தலையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வரவும்." அன்று வகுப்பில் அவளை மட்டும் எழுப்பிக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவள் தாயார் அந்த டைரியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். முப்பது வருஷ காலம் வைத்தியத் தொழில் பார்த்து ஓய்ந்தவள் நான் என்பதால், தெருவில் யாருக்கு என்ன உபாதை வந்தாலும் முதல் விசாரணை என்னிடம் நடப்பது வழக்கம். "மூணு வாரத்துக்கு முன்னாலதாம்மா மருந்துக்கடையில பேன் லோஷன் வாங்கிப் போட்டேன். அன்னிக்கு எல்லாம் செத்து உதிர்ந்துச்சு. வாரம் தவறாம எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறேன். இதுக்கு மேல சுத்தம்னா என்னம்மா பண்றது?" என்று கேட்டபோது அவள் குரலில் இருந்தது கோபமா வெட்கமா என்று பிரித்தறிய முடியவில்லை. அவள் கேள்வி நியாயமானது. அவள் சுத்தத்தில் ஒரு குறையும் இல்லை; குறை வேறு இரண்டு இடங்களில் இருந்தது. அவற்றைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏறக்குறைய பத்து நாள் பிடித்தது.

முதலில் அந்தச் 'சுத்தம்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பேன் என்ற பெயரில் மனித உடலை அண்டி வாழும் ஜீவன்களில் தலைப்பேன் வேறு, உடைப்பேன் வேறு. உருவத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை போல இருந்தாலும் வாசஸ்தலம் வேறு, குணமும் வேறு. உடைப்பேன் துணியின் தையல் மடிப்புகளில் குடியிருந்து, அங்கேயே முட்டையிட்டு, பசித்தபோது மட்டும் உடலுக்கு வந்து ரத்தம் குடித்துப் போவது. ஆகையால் மாற்றுத் துணியும் குளிக்க வசதியும் இல்லாத போர்க்களங்களிலும் சிறைச்சாலைகளிலும் அகதி முகாம்களிலும் அது பெருகும். டைபஸ் என்னும் கொடிய ஜுரத்தைப் பரப்புவது இந்த உடைப்பேனே என்று 1909-ல் துனிஸ் நகரத்தில் இருந்து கண்டறிந்த சார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு வைத்தியருக்கு 1928-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1943-ன் இறுதியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் டைபஸ் பரவியபோது ஜனங்களின் சட்டைக் கழுத்துக்குள்ளும் கைக்குள்ளும் டி.டி.டி. பொடியைத் தூவி அதை அடக்கியதும் சரித்திரம். இந்தப் பயங்கரங்கள் யாவும் உடைப்பேனின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை. தலைப்பேன் எந்த வியாதியையும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டுபோவதில்லை. சொறிந்து சொறிந்து நகம் பட்ட இடத்தில் புண்ணாகிச் சீழ் வைப்பதும், அதனால் பிடரியில் நெறி கட்டுவதுமே அதனால் விளையக்கூடிய அதிகபட்சக் கெடுதல். ஆனால் பெயர் ஒன்றாக இருந்துவிட்டதால், துவைக்காத துணியில் வாழ்கிற அண்ணனுடைய அபவாதம் முழுவதும் துவைத்த தலையில் வாழ்கிற தம்பியின் மேலும், அதன் வழியாக ஒன்பது வயதுப் பெண்ணின் மேலும் வந்து விழுந்துவிட்டது.

தலைப்பேனுக்கு அழுக்கு ஆகாரமல்ல, ரத்தமே ஆகாரம். தினமும் நாலைந்து முறை அது தலைத்தோலில் வாய் வைத்து உறிஞ்சுகிறது. தோலில் அழுக்குப் படிந்திருந்தாலும் வாசனைச் சோப்பு மணந்தாலும் உள்ளே ஓடுகிற ரத்தம் ஒன்றே அல்லவா? அதன் ஆறு கால்களின் நுனியிலும் உள்ள கொக்கிகள் ஒரு ரோமத்தின் கனத்தைப் பற்றிக்கொள்வதற்கென்றே வளைந்தவை. இறக்கை கிடையாது, ஆகவே பறக்காது. தத்துவதற்கேற்ற கால்களும் இல்லை. ஒரு தலையின் மயிரும் மற்றொரு தலையின் மயிரும் உரசிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்து ஏறிக்கொள்வது ஒன்றுதான் அது ஊர் மாறும் மார்க்கம். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலு பேராக நெருங்கி, ஒரே புத்தகத்தின் மேல் குனிந்து, காதோடு காது வைத்து ரகசியம் பேசி, மத்தியானத்தில் ஒருத்தி மற்றொருத்தியின் பின்னலை அவிழ்த்துப் பின்னி விளையாடும் பெண் குழந்தைகளிடம் அது அதிகமாகக் காணப்படுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தலையை விட்டுக் கீழே விழுந்த பேன் ஆகாரமின்றி ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் உயிரோடிருக்கும். ஆகவே சீப்பு, தலையணை, ரிப்பன் ஆகியவற்றால் பரவுவது அபூர்வம். வீட்டைக் கழுவி மருந்தடிப்பது வீண். அந்த இரண்டு நாளில் உபயோகித்த தலையணை உறையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டால் அந்தப் பக்கத்துக் காரியம் முடிந்தது.

எண்ணெயைப் பற்றி நம்மவரிடையே இரண்டு நேர்மாறான நம்பிக்கைகள் உண்டு. இரண்டையும் ஒரே பாட்டி ஒரே நாளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எண்ணெய் பிசுபிசுப்பில்தான் பேன் சேரும் என்பது ஒன்று. எண்ணெய் வைக்காமல் வறட்டுத் தலையாய் அலைவதனால்தான் பேன் வருகிறது என்பது மற்றொன்று. எண்ணெய் பேனுக்கு உணவுமல்ல, நஞ்சுமல்ல. அது சுவாசிப்பது உடலின் இரு பக்கங்களிலும் உள்ள நுண்ணிய துவாரங்களால். அவற்றை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் கிடக்க அதற்குத் தெரியும். எட்டு மணி நேரம் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்த பேன்கள் மூழ்கிச் சாகவில்லை என்று 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆராய்ச்சி சொல்கிறது. ஆலிவ் எண்ணெய், வினிகர், உருக்கிய வெண்ணெய் முதலியவற்றையும் அதில் சோதித்துப் பார்த்து, நம்பத்தக்க பயன் இல்லை என்று கண்டார்கள். தேங்காயெண்ணெயை ராத்திரி முழுக்கத் தடவிவிட்டுக் காலையில் அலசும்போது உதிர்கிற பேன்களில் பல செத்தவை போலக் கிடந்து, கொஞ்ச நேரம் காய்ந்த பிறகு எழுந்து நடப்பதை நானே ஒரு பழைய தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்க்கு உரிய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. சீப்பைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

சாதாரண எண்ணெய் செய்யத் தவறுவதைச் செய்யும் திரவம் ஒன்றும் உண்டு. டைமெத்திகோன் என்ற ஒருவகை சிலிகோன் எண்ணெய், மிக மெல்லியதாகப் பரவி, அந்தச் சுவாசத் துவாரங்களுக்குள் இறங்கி அடைத்துக்கொள்கிறது. குடித்த ரத்தத்தின் நீரை வெளியேற்ற வழியில்லாமல் பேன் மடிகிறது. இது விஷமல்லாததால் பேன் இதற்குப் பழகிப் போவதும் எளிதல்ல. உலர்ந்த தலையில் 4 சதவீதத் திரவத்தைத் தடவி எட்டு மணி நேரம் விட்டு அலசி, ஏழு நாள் கழித்து மறுபடியும் அவ்வாறே செய்வது முறை. தடவியிருக்கும் வரை விளக்கு, அடுப்பு ஆகியவற்றின் அருகே போகக்கூடாது, தீப்பற்றக்கூடியது.

தீங்கு செய்யும் கைவைத்தியங்கள் சிலவற்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசுவது நம் ஜில்லாக்களில் பரம்பரையாக நடந்து வருவது. அது பேனைக் கொல்லும் என்பதும் பொய்யல்ல. ஆனால் குளிக்கும்போது அந்த விழுது நெற்றி வழியாக ஒரு துளி கண்ணில் இறங்கினாலும், முதலில் சாதாரண எரிச்சலாக இருந்து, சில மணி நேரத்துக்குள் கண்ணைத் திறக்க முடியாத வேதனையாக மாறிவிடும். கருவிழியின் மேல்தோல் உரிந்து போவதே காரணம். நம் நாட்டுக் கண் வைத்தியர்கள் இதைப் பலமுறை எழுதியிருக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் உடனே சுத்தமான தண்ணீரால் வெகு நேரம் கழுவிவிட்டுக் கண் வைத்தியரிடம் போக வேண்டும். தாமதிக்காமல் போனவர்களுக்குப் பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடுகிறது. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்துத் தேய்ப்பது இன்னொரு வழக்கம். கற்பூரம் தோலின் வழியாகவும் உடலில் ஏறும். சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரச் செய்யும். மண்ணெண்ணெயையும் பூச்சிமருந்தையும் பற்றி நான் வாதம் செய்யப் போவதில்லை. வயலுக்குத் தெளிக்கிற மருந்தைத் தலையில் ஊற்றிக்கொண்டு மூச்சுத் திணறி வந்த ஒரு பெண்ணுக்கு இரவு முழுதும் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஞாபகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று நம்மிடம் ஒரு பழமொழி வழங்குகிறது. அற்ப விஷயத்தைப் பெரிதாக்குகிறவர்களைக் குத்துவதற்காக ஏற்பட்ட வாக்கியமாயினும், அதில் உள்ள வரிசை பிரகிருதி சாஸ்திரத்துக்குச் சரியானது. சொல்லாமல் விட்டது நாட்கணக்கை மாத்திரம். ஈர் பேனாவதற்கு ஏழு முதல் பத்து நாள். பொரிந்து வந்த பொடிப்பேன் மூன்று முறை தோலுரித்துத் தானே ஈர் வைக்கிற தாய்ப்பேனாவதற்கு இன்னும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள். அப்படி முதிர்ந்த பெண்பேன் ஒரு மாத ஆயுளில் நாள்தோறும் ஏழெட்டு ஈர் வைக்கும். தலைத்தோலின் சூடு படும்படி, தோலிலிருந்து கால் அங்குலத்துக்குள், ரோமத்தோடு ரோமமாக ஒட்டுகிற ஒரு பசையால் அதைப் பதித்துவிடும். ரோமம் மாதத்துக்கு அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வளருகிறதாதலால், தோலை விட்டு அரை அங்குலம் விலகி வெள்ளையாக மினுங்குகிற ஈர்கள் அநேகமாக வெறும் ஓடுகளே. தாய்மார் கண்ணுக்கு முதலில் படுவதும், வகுப்பாசிரியையைக் கலவரப்படுத்துவதும் இந்த வெறும் ஓடுகள்தாம். உயிருள்ள ஈரோ, தோலை ஒட்டி, மயிரின் நிறத்துக்குள் மறைந்து பழுப்பாக இருக்கும். பொடுகை ஈரென்று மயங்குவதும் உண்டு. விரலால் இழுத்தால் வழுக்கி வருவது பொடுகு, மயிரைப் பிய்த்தாலொழிய நகராதது ஈர்.

மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற பெர்மெத்ரின் லோஷன் ஊர்ந்து திரிகிற பேனைத் தாக்கும்; ஈருக்குள் இருக்கிற சிசுவின் முதல் சில நாட்களில் அதற்கு நரம்பு மண்டலமே உருவாகியிராதாகையால், நரம்பைத் தாக்கும் மருந்து அதை ஒன்றும் செய்வதில்லை. எதிர்வீட்டுத் தாயார் ஒரு தடவை போட்டு, எல்லாம் செத்து உதிர்ந்ததைக் கண்டு, பாட்டிலைக் குப்பையில் எறிந்தாளே, அன்றைக்கே அவள் மகளின் தலையில் சில டஜன் ஈர்கள் பத்திரமாக இருந்தன. அடுத்த பத்து நாளில் அவை பொரிந்தன. மூன்று வாரத்தில் தாய்ப்பேன்களாயின. ஈர்கள் எல்லாம் பொரிந்து முடிய, பொரிந்தவற்றில் ஒன்றும் இன்னும் ஈர் வைக்கும் வயசுக்கு வராத இடைவேளை ஒன்பதாம் நாளை ஒட்டி வருகிறது. அன்று இரண்டாம் முறை போட்டிருந்தால் அந்த வம்சம் அத்துடன் அற்றிருக்கும்.

போடுகிற முறையிலும் அவளுக்கு ஒரு பிசகு நேர்ந்திருந்தது. எண்ணெய்த் தலையின் மேலேயே லோஷனைத் தடவியிருந்தாள். எண்ணெய் பூசிய மயிரில் மருந்து ஒட்டாது. எண்ணெய் போகும்படி கண்டிஷனர் கலவாத சாதாரண ஷாம்புவால் கழுவி, துண்டால் துவட்டி, மயிர் ஈரக்கசிவாக இருக்கும்போது, காதுகளின் பின்புறமும் பிடரியும் நன்றாக நனையும்படி தடவி, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் வைத்திருந்து அலச வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஷாம்பு கூடாது. வேண்டியது 1 சதவீத லோஷன். சொறிக்கென்று விற்கிற 5 சதவீத க்ரீமை வேகமாக வேலை செய்யும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது தேவையில்லை. போட்டு அரை நாள் கழித்தும் பேன்கள் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால், அவை அந்த மருந்துக்குப் பழகிவிட்ட ஜாதி என்று அறிந்து மருந்தை மாற்ற வேண்டுமே தவிர, அதையே மறுநாளும் போடக்கூடாது. இப்படிப் பழகிய பேன்கள் உலகத்தில் பல தேசங்களில் பெருகிவிட்டன. அந்த நிலைமையில் ஐவர்மெக்டின் என்ற மருந்து உதவும். அதன் மாத்திரை வைத்தியர் எடை பார்த்துக் கொடுக்க வேண்டியது. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுப்பதில்லை.

இனி சீப்பு. ஈர்கொல்லி என்றும் ஈர்வலி என்றும் பல பெயர்களால் நம் மூதாதையர் மரத்தில் செய்துவைத்திருந்த நெருக்கமான பற்களுடைய சாதனம், இன்று உலோகப் பற்களோடு கடைகளில் கிடைக்கிறது. பற்களின் நடுவே ஒரு சாதாரண தாளை நுழைக்கலாம், அட்டையை நுழைக்க முடியாது, அவ்வளவு நெருக்கமானதே வேண்டும். பிளாஸ்டிக் பற்கள் வளைந்துகொடுக்கும், பேன் இடையே தப்பிவிடும். வெறும் கண்ணால் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்ப்பதில் நம் பெண்களுக்கு அபாரமான தேர்ச்சி உண்டென்றாலும், காய்ந்த தலையில் பேன் நிமிஷத்துக்கு ஒன்பது அங்குலம் வரை ஓடக்கூடியது. விளக்கு வெளிச்சம் படுமுன் அடுத்த வகிட்டுக்குப் போய்விடும். ஜெர்மானிய வைத்தியர்கள் 2009-ல் பள்ளிக் குழந்தைகளின் தலைகளை இரண்டு விதமாகவும் பார்த்தபோது, உயிர்ப்பேன் இருந்த பத்துத் தலைகளில் ஈரத்தில் சீவியது ஒன்பதைக் காட்டிக்கொடுத்தது. கண்ணால் பார்த்தது மூன்றைக் கூட முழுதாகக் காட்டவில்லை. நனைந்த பேன் ஓடாது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும் என்பதே இதன் ரகசியம். அந்தப் பிடியை வழுக்கச் செய்வதற்குத்தான் கண்டிஷனர், அது இல்லாத வீட்டில் தாராளமாகத் தேங்காயெண்ணெய். எண்ணெயின் பெருமை இங்கேதான்: அது கொல்வதில்லை, சீப்புக்கு வழி விடுகிறது.

அன்று மாலை அந்தப் பெண்ணின் தலையில் ஈரச்சீப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கிணற்றடியில் முறைப்படி ஆரம்பித்தோம். முதலில் லோஷன், பத்து நிமிஷம், அலசல். பிறகு அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்து, மயிரை நாலு பாகமாகப் பிரித்து கிளிப் போட்டு, ஒரு பாகத்திலிருந்து விரலளவு கொத்தாக எடுத்து, பேன் சீப்பின் பற்கள் தலைத்தோலைத் தொடும்படி வைத்து, நுனி வரை ஒரே இழுப்பாக இழுத்தாள் தாயார். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டில் துடைத்துப் பார்ப்பது என் வேலை. எள்ளளவு தாய்ப்பேன்களும் குண்டூசித் தலையளவு பொடிகளுமாக, அன்றைய துணியில் இருபத்துமூன்று எண்ணினோம். இடுப்பு வரை நீண்ட கூந்தல். முக்கால் மணி நேரம் ஆயிற்று. "வலிக்குதும்மா" என்று அவள் இரண்டு முறை சொன்னதும், மூன்றாவது முறை தூங்கி விழுந்ததும் நடந்தன.

இந்தச் சீவலை நாலு நாளுக்கொரு முறை, அதாவது முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று செய்ய வேண்டும். பொரிந்த பேன் அடுத்த தலைக்கு ஏறக்கூடிய பருவத்தை அடையுமுன், ஒவ்வொரு தொகுதியாக அள்ளி எடுத்துவிடுவதே இந்த இடைவெளியின் நோக்கம். மருந்தே வேண்டாம் என்கிறவர்கள் இதனாலேயே ஒழிக்கவும் முடியும். ஆனால் அதற்கு ஒரு நாளும் தவறாத கை வேண்டும். 2000-ல் பிரிட்டனில் நடந்த ஒரு பரிசோதனையில் மாலத்தியான் மருந்தால் நூற்றுக்கு 78 பேரும், சீப்பால் 38 பேருமே குணமானார்கள். 2005-ல் அதே தேசத்தில் நடந்த மற்றொன்றில், கடை மருந்தை ஒரே முறை போட்டவர்களில் நூற்றுக்கு 13 பேரும், விதிப்படி சீவியவர்களில் 57 பேரும் குணமானார்கள். முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும் இந்த இரண்டு முடிவுகளிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது, சீப்பின் பலம் சீவுகிற கையைப் பொறுத்தது என்பதும், ஒற்றைத் தடவை மருந்து கிட்டத்தட்ட மருந்தே இல்லாததற்குச் சமம் என்பதும்தான். ஆகவே மருந்தையும் சீப்பையும் சேர்த்தே நான் சிபாரிசு செய்வது.

ஐந்தாம் நாளாகிய வியாழக்கிழமை மாலை வந்தது. துணியில் ஒன்பது பொடிப்பேன்கள். அவை எதிர்பார்த்தவை, எஞ்சிய ஈர்களிலிருந்து வந்தவை. அவற்றோடு இரண்டு முழு வளர்ச்சியடைந்த தாய்ப்பேன்களும் இருந்தன. நான்கு நாளில் ஈரிலிருந்து அந்த வளர்ச்சி சாத்தியமே இல்லை. மருந்து தவறியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையே பேன்கள் ஓடியிருக்கும். அன்று துணியில் விழுந்தவை அனைத்தும் அசையாமல் கிடந்ததைப் பார்த்தோம். ஆகவே அந்த இரண்டும் வேறொரு தலையிலிருந்து வந்தவை. பள்ளிக்கூடத்தில் அவள் தனி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தாயாருக்கும் தம்பிக்கும் ஏற்கனவே சீவிப் பார்த்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. "ராத்திரி யாரோட படுத்துக்கிறே?" என்று கேட்டேன். "அப்பாயியோட" என்றாள்.

திருச்சி, தஞ்சைப் பக்கத்தில் தகப்பனாரின் தாயாரை அப்பாயி என்பார்கள். அந்த அம்மாள் நரைத்த தலையை இறுகக் கொண்டை முடிந்து, தினந்தோறும் பேத்திக்குப் பேன் பார்த்து, இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கிடையில் 'டிக்' என்று குத்திக்கொண்டிருந்தவள். தன் தலையில் பேன் இருக்கும் என்ற சம்சயமே அவளுக்கு இல்லை. "எனக்கு அரிப்பே இல்லையே, எனக்கெதுக்கு?" என்று கொண்டையை அவிழ்க்க மறுத்தாள். அரிப்பு என்பது பேனின் எச்சிலுக்குத் தோல் காட்டும் ஒவ்வாமை. முதல் முறை பேன் வந்தவருக்கு அது தோன்ற நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம், சிலருக்குத் தோன்றாமலேயும் இருக்கும். இதை நான் சொல்லி அவள் கேட்கவில்லை. பேத்தி சொல்லித்தான் கேட்டாள். வெள்ளைத் துணி நிரம்பிவிட்டது. முப்பத்தொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.

ஆகையால் அந்த வியாழக்கிழமையையே இருவருக்கும் முதல் நாளாக வைத்துக் காலண்டரில் புதிதாக எழுதினோம். பாட்டிக்கு அன்று லோஷன். திங்கட்கிழமை இருவருக்கும் சீப்பு. ஒன்பதாம் நாளாகிய வெள்ளிக்கிழமை இருவருக்கும் லோஷனும் சீப்பும். பிறகு செவ்வாய், பிறகு சனி. திங்கட்கிழமை பேத்தியின் துணியில் நாலு பொடிகள், பாட்டியின் துணியில் பதினொன்று. பெரியது ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை பேத்திக்கு ஒன்று, பாட்டிக்கு மூன்று. செவ்வாய்க்கிழமை இரண்டு துணிகளும் வெளுப்பாக இருந்தன, சனிக்கிழமையும் அப்படியே. நடுவில் பேத்தி தலையைச் சொறிந்தபோதெல்லாம் தாயார் பதறினாள். பேன் செத்த பிறகும் ஒரு வாரம் பத்து நாள் வரை தோலில் அந்த அரிப்பு தங்கும். சொறிவதைக் கணக்கில் எடுக்காமல் துணியில் விழுவதை மட்டும் எண்ணினால் போதும் என்று சொல்லி வைத்தேன்.

பள்ளிக்கூடத்து டைரிக்கு ஒரு பதில் எழுதித் தரச் சொன்னாள் தாயார். வைத்தியம் ஆரம்பித்தாகிவிட்டது, குழந்தையைப் பழைய இடத்தில் உட்கார வைக்கலாம், அந்த பெஞ்சில் அவளோடு இருந்த மற்ற மூவரின் தலைகளையும் அவரவர் வீட்டில் ஈரத்தில் சீவிப் பார்ப்பது உசிதம் என்று எழுதினேன். பேனோ ஈரோ கண்டதற்காகக் குழந்தையை வகுப்பிலிருந்து விலக்கவோ வீட்டுக்கு அனுப்பவோ வேண்டியதில்லை என்பது அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தின் நெடுநாளைய அபிப்பிராயம்; அரிப்புத் தோன்றிக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே ஒரு மாதம் அந்தத் தலை வகுப்பில் இருந்திருக்குமாதலால், கண்டுபிடித்த அன்று துரத்துவதால் ஒன்றும் தடுக்கப்படுவதில்லை. 'சுத்தம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அடித்துவிட்டேன். ஆசிரியை மரியாதைப்பட்டவர், இரண்டு நாளில் குழந்தை முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். மற்ற மூவரில் இருவருக்குப் பேன் இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அப்பாயிக்குத்தான் சாயங்கால வேளைகள் போகவில்லை. நாலு மணிக்குப் பேத்தி வந்ததும் வழக்கம்போல வாசற்படியில் தனக்கு ஒரு படி கீழே அவளை உட்கார வைத்துக்கொண்டு, பின்னலை அவிழ்த்து, வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டேயிருக்கிறாள். ஒன்றும் அகப்படுவதில்லை. "இன்னிக்கும் இல்லடி" என்று ஒரு குறையோடு சொல்லிவிட்டு, மறுபடியும் பின்னத் தொடங்குகிறாள்.